தகுதிச் சுற்றில் முதலிடம், ஃபைனலில் ஐந்தாமிடம்: இந்தக் கணக்கு எப்படி?

தேன்மொழி: என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஜூனியர். தகுதிச் சுற்றில் 618.4 எடுத்து முதலிடம். ஃபைனலில் 18-வது ஷாட்டோடு அவளை வெளியேற்றிவிட்டார்கள், ஐந்தாமிடம். அந்தக் கடைசி ஷாட்டில் இவள் 10.3, பக்கத்துப் பெண் 9.8. குறைவாக அடித்தவள் உள்ளே, கூட அடித்தவள் வெளியே. இது எப்படிச் சரியாகும்?

கோவை சேகர்: மேடம், எலிமினேஷன் என்றால் அந்த ரவுண்டில் யார் ஷாட் மோசமோ அவர்தான் வெளியே போக வேண்டும். 9.8 அடித்தவர் நின்றார் என்றால் மெஷினில் ஏதோ கோளாறு. புகார் கொடுங்கள். தகுதிச் சுற்றுப் பாயிண்ட் ஃபைனலில் சேராது என்பது மட்டும் உண்மை, எல்லோரும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார்கள்.

ரேஞ்ச் அண்ணா: சேகர் சார், பூஜ்யத்திலிருந்து தொடங்குவது சரி. கடைசி ஷாட்டை வைத்து வெளியேற்றுவது என்பது சரியில்லை. முதல் ஷாட்டிலிருந்து சேர்ந்த மொத்தத்தில் யார் கடைசியோ அவர்தான் போவார். எட்டுப் பேர் முதலில் 5 ஷாட் வீதம் இரண்டு சீரிஸ் சுடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 250 வினாடி. அப்புறம் ஒவ்வொரு ஷாட்டாக, ஷாட்டுக்கு 50 வினாடி. 12-வது முடிந்ததும் எட்டாமிடம் போகும், பிறகு இரண்டு ஷாட்டுக்கு ஒருவர். 24-ல் தங்கம். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் இப்படித்தான் நடந்தது.

தேன்மொழி அக்கா, ஷாட் ஷாட்டாக ஸ்கோர் இருக்கிறதா? 18-ல் இரண்டு பேர் மொத்தத்தையும் போடுங்கள்.

தேன்மொழி: முதல் சீரிஸ் 51.7. இரண்டாவது சீரிஸ் 10.2, 10.6, 9.4, 10.3, 10.0. அதற்கப்புறம் 10.3, 10.1, 10.5, 10.2, 10.4, 10.6, 10.6, 10.3. மொத்தம் 185.2. அந்தப் பெண் 185.4.

ரேஞ்ச் அண்ணா: மெஷினில் கோளாறு இல்லை. வித்தியாசம் 0.2. ரைஃபிள் டார்கெட்டில் 0.1 என்பது கால் மில்லிமீட்டர். பெல்லட்டின் நடுப்புள்ளி டார்கெட்டின் நடுவிலிருந்து கால் மி.மீ.க்குள் விழுந்தால் 10.9. ஒவ்வொரு கால் மி.மீ. விலகலுக்கும் 0.1 குறையும், 2.5 மி.மீ. தள்ளி விழுந்தால் 10.0. ஆக உங்கள் மகள் அரை மி.மீ.யில் வெளியே வந்திருக்கிறாள்.

ஆனால் அந்த அரை மி.மீ. 18-வது ஷாட்டில் போகவில்லை. எட்டாவது ஷாட்டைப் பாருங்கள், 9.4. அது நடுவிலிருந்து ஏறக்குறைய 4 மி.மீ. தள்ளி விழுந்த ஷாட். அது 9.7 ஆக இருந்திருந்தாலே அவள் உள்ளே இருந்திருப்பாள். இவளுடைய சராசரி 10.3 சொச்சம். 60 ஷாட் சுடும்போது ஒரு 9.4 வந்தால் மீதி ஷாட்டுகள் மெல்ல அதை ஈடுகட்டிவிடும். ஃபைனலில் அதற்கு இடமே கிடையாது. இழந்த 0.9-ஐ மீட்க, சராசரியை விட 0.1 கூட்டி ஒன்பது ஷாட் அடிக்க வேண்டும், மற்றவர்களும் ஏறாமல் இருக்க வேண்டும்.

பிஸ்டல் அப்பா: என் பையன் ஏர் பிஸ்டல். ஸ்கிரீனில் 10.8 என்று காட்டியது, ரிசல்ட் ஷீட்டில் வெறும் 10. 570-க்கு மேலே எடுத்தும் புள்ளிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் தசமத்தைக் கழிக்கிறார்கள்?

ரேஞ்ச் அண்ணா: கழிக்கவில்லை சார். பிஸ்டல் தகுதிச் சுற்று முழு எண்ணில்தான், அதிகபட்சம் 600. ரைஃபிளில்தான் 654.0 வரை. பிஸ்டலில் இருவர் சமமானால் 10-க்குள் இருக்கும் சின்ன உள் வட்டத்தில் யார் அதிகம் அடித்தார் என்று எண்ணுவார்கள். பாரிஸில் சரப்ஜோத் சிங் 577, ஜெர்மனியின் ராபின் வால்டரும் 577. உள் வட்ட எண்ணிக்கை வால்டருக்கு 17, சரப்ஜோத்துக்கு 16. வால்டர் எட்டாவதாக ஃபைனலுக்குப் போனார், சரப்ஜோத் ஒன்பதாவது. ரிசல்ட் ஷீட்டில் மொத்தத்துக்குப் பக்கத்தில் x போட்டு ஒரு எண் இருக்கும், அதையும் பாருங்கள். ஃபைனல் வந்துவிட்டால் பிஸ்டலுக்கும் தசமம்தான். பாரிஸில் 22 ஷாட் முடிவில் மனு பாக்கர் 221.7, கொரியாவின் கிம் யேஜி 221.8. அந்த 0.1-ல்தான் மனுவுக்கு வெண்கலம்.

நித்யா: கணக்கு புரிகிறது அண்ணா, ஆனால் கணக்கு சரி என்பதால் முறை நியாயமாகிவிடாது. 75 நிமிடம், 60 ஷாட் சுட்டு முதலிடம் வந்த குழந்தைக்கு அந்த உழைப்பில் ஒரு 0.1 கூட மிச்சமில்லை. பழைய முறையில் தகுதிச் சுற்றும் ஃபைனலின் 10 ஷாட்டும் கூட்டித்தான் பதக்கம். 2008-ல் அபினவ் பிந்த்ரா 596-ஓடு உள்ளே வந்து, ஃபைனலில் 104.5, மொத்தம் 700.5. இரண்டையும் கூட்டிப் பார்த்துத் தங்கம் கொடுத்தார்கள். டோக்கியோவில் சௌரப் சௌத்ரி 586 எடுத்து முதலிடம், ஃபைனலில் ஏழாமிடம். வளர்ந்தவர்களுக்கே இப்படி என்றால் 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு இது வேண்டுமா? ஜூனியரில் மட்டுமாவது பழைய முறையை வைக்கலாம்.

கோவை சேகர்: நான் இதற்கு எதிர். ஜூனியரில் கூட்டிக் கொடுத்துவிட்டு சீனியரில் பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொன்னால் அங்கே போய்தான் முதல் முறை உடைவார்கள். அதோடு, பழைய முறையில் முதல் ஆள் நாலு பாயிண்ட் முன்னால் இருந்தால் பின்னால் இருப்பவருக்கு ஃபைனல் சும்மா நிற்பதற்குத்தான்.

நித்யா: நாலு பாயிண்ட் முன்னால் இருப்பது அவள் சம்பாதித்ததுதானே சார்?

ரேஞ்ச் அண்ணா: இதில் நான் நித்யா பக்கம் பாதி வருவேன். சின்ன வயதுப் பிள்ளைகளின் போட்டியில் தகுதிச் சுற்றுக்குத் தனிப் பரிசு இருக்க வேண்டும் என்பேன். ஆனால் ஃபைனல் முறையை மாற்ற மாட்டேன்.

அக்கா, உங்களிடம் வீடியோ இருந்தால் அந்த எட்டாவது ஷாட்டைப் பாருங்கள். சுடும்வரை எத்தனை வினாடி துப்பாக்கியைத் தூக்கியபடி குறி பார்த்துக்கொண்டிருந்தாள்?

தேன்மொழி: பார்த்தேன். மற்ற ஷாட்டெல்லாம் கன்னம் பதித்து ஏழெட்டு வினாடியில் சுடுகிறாள். எட்டாவதில் 15 வினாடிக்கு மேல். நடுவில் ஒரு முறை தலையைத் தூக்கப் போய், திரும்பப் பதித்துச் சுட்டுவிட்டாள். துப்பாக்கியை இறக்கவே இல்லை. அதற்கு முந்தையது 10.6, கூட்டம் கைதட்டியது.

ரேஞ்ச் அண்ணா: அதுதான். அவ்வளவு நேரம் பிடித்தால் கண் மங்கும், கை நடுங்கத் தொடங்கும். ஐந்து ஷாட் சீரிஸில் 250 வினாடி இருப்பதால் இறக்கிவிட்டு மூச்சு விட்டு மறுபடி தூக்க நேரம் உண்டு. ஒற்றை ஷாட்டில் 50 வினாடிதான். அதிலும் ஒரு முறை இறக்கலாம், ஆனால் 30 வினாடி தாண்டுவதற்குள் முடிவெடுக்க வேண்டும். நேரத்துக்குள் சுடாவிட்டால் அந்த ஷாட் பூஜ்யம் என்பதால் பிள்ளைகள் பயத்தில் இறக்க மறுக்கிறார்கள். பயிற்சியில் 50 வினாடி டைமர் வைத்து, வேண்டுமென்றே ஒரு முறை இறக்கிவிட்டுச் சுடச் சொல்லுங்கள்.

பிஸ்டல் அப்பா: பிஸ்டலுக்கும் அதே 50 தானா அண்ணா?

ரேஞ்ச் அண்ணா: 10 மீட்டரில் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நித்யா: டைமர் பயிற்சி சரி. பூஜ்யத்திலிருந்து தொடங்குவதைப் பற்றி நான் சொன்னதை விடமாட்டேன். அடுத்த மாநிலப் போட்டிக்கு முன்னால் சில பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கொடுக்கப் போகிறோம்.

தேன்மொழி: நித்யா, தகுதிச் சுற்றுக்குத் தனிப் பரிசு என்ற வரிக்கு மட்டும் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபைனலைப் பற்றி அவளிடமே கேட்டேன். முறை இப்படியே இருக்கட்டும் என்கிறாள்.