போர்டு போட்டோவில் எண்ணை மாற்றினால் ஒட்டவைத்தது போல் தெரிகிறது, உதவுங்கள்

நீலக்குடை
வணக்கம், கொஞ்சம் அவசரம். மாமாவின் டிபன் கடை போர்டு போட்டோ ஒன்று இருக்கிறது. அதில் நேரம் போட்டிருக்கும் வரியை மட்டும் மாற்ற வேண்டும். ஃபான்ட் கிட்டத்தட்ட அதேதான் கிடைத்துவிட்டது, நிறத்தையும் போட்டோவில் இருந்தே எடுத்தேன், சாய்வும் சரியாக இருக்கிறது. ஆனாலும் பார்த்த உடனே புதிது எது என்று தெரிந்துவிடுகிறது. Anti-alias எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். இன்று ராத்திரி நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது. என்ன செய்வது?

ராத்திரி ரயில்
எந்த மென்பொருள்? போட்டோ எத்தனை பிக்சல்? மாற்றுவது முழு வரியா, ஒரு சொல்லா? போர்டு என்ன நிறம், எழுத்து என்ன நிறம்? இதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மஞ்சப்பை
Smooth போடுங்கள். எழுத்துக் கருவியை எடுத்தால் மேலே Sharp, Crisp, Strong, Smooth என்று வரும். போட்டோ மேல் எழுதும்போது நான் எப்போதும் Smooth தான் வைப்பேன், பிரச்சினை வந்ததே இல்லை.

பிளெக்ஸ்காரன்
ஃபான்ட் "கிட்டத்தட்ட அதே" என்றால் அதுதான் பிரச்சினை. போர்டு அடித்தவர்கள் பழைய ஃபான்டில்தான் அடித்திருப்பார்கள், நீங்கள் யூனிகோட் ஃபான்டில் அடித்திருப்பீர்கள். வளைவு ஒன்றாக இருக்காது. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

கல்தச்சன்
ஒன்று கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். இது கடை போர்டுதானே? சான்றிதழிலோ ரசீதிலோ எண் மாற்றுவதற்கு இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அப்படி என்றால் இங்கே யாரும் உதவக் கூடாது.

நீலக்குடை
கடை போர்டுதான் அண்ணா. "காலை 6 முதல் இரவு 9 வரை" என்று இருக்கிறது, இப்போது 11 வரை திறக்கிறார். போர்டை அடுத்த மாதம்தான் மாற்றுவார், நோட்டீஸ் இப்போதே வேண்டும். ஃபோட்டோஷாப். மஞ்சள் போர்டு, சிவப்பு எழுத்து. படம் வாட்ஸ்அப்பில் மாமா அனுப்பியது, 1600 x 1200. அந்த வரியில் எழுத்தின் உயரம் 30 பிக்சல் இருக்கும். மாற்றுவது 9 மட்டும்தான், மற்றதெல்லாம் பழைய எழுத்து. Smooth போட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய டிடிபி
முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருந்தால் ஒரே பதிலில் முடிந்திருக்கும். இந்த மாதிரிக் கேள்வி கேட்பவர்கள் யாரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதே இல்லை, மெனுவில் விடை தேடுகிறார்கள். Anti-alias மெனு எழுத்தின் ஓரத்தில் ஒரே ஒரு பிக்சல் அகலத்துக்குத்தான் வேலை செய்யும். கேமராவில் விழுந்த ஓரம் அதைவிட அகலம். நாலு தேர்வையும் நாள் முழுக்க மாற்றினாலும் அது போட்டோ ஆகாது.

மஞ்சப்பை
எனக்கு எப்படிச் சரியாக வருகிறது?

பழைய டிடிபி
நீங்கள் படத்தைப் பாதியாகச் சுருக்கிப் போடுகிறீர்கள். சுருக்கினால் எல்லா ஓரமும் ஒரு பிக்சலுக்கு வந்துவிடும், வித்தியாசம் மறைந்துவிடும். இவர் நோட்டீஸ் அடிக்கப் போகிறார்.

ராத்திரி ரயில்
சரி, இப்போது பேசலாம். 9 மட்டும் மாறுகிறது என்பது கஷ்டம்தான், பக்கத்திலேயே "இரவு", "வரை" இரண்டும் நிற்கிறதே, கண் உடனே ஒப்பிட்டுவிடும். ஆனால் நல்லதும் அதுதான், எதைப் போல் ஆக்க வேண்டுமோ அந்த மாதிரி கையில் இருக்கிறது. ஊகம் வேண்டாம், அளந்துவிடலாம்.

"வரை"யில் வ-வுக்கு நேரான செங்குத்துக் கோடு இருக்கும். அதை 1600% வரை பெரிதாக்குங்கள். ஐட்ராப்பரை Point Sample-இல் வைத்து, Info பேனலைத் திறந்து, மஞ்சளில் ஆரம்பித்து சிவப்புக்குள் போகும் வரை ஒவ்வொரு பிக்சலிலும் G எண்ணை மட்டும் எழுதுங்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் R கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், அதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே மாதிரி உங்கள் 11-இன் ஓரத்திலும் எடுத்து இரண்டையும் இங்கே போடுங்கள்.

அரிசிமணி
எனக்கும் இதே பிரச்சினை. கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப் ஆக எடுத்தால் திரையில் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, அச்சில் நன்றாக வருகிறது. ஓரத்தில் நீலமும் சிவப்புமாகக் கூட வருகிறது.

ராத்திரி ரயில்
அது வேறு. உங்களுக்கு எழுத்தைத் திரைதான் அப்படிக் காட்டுகிறது, கோப்பில் கோளாறு இல்லை. தனியாகக் கேளுங்கள், இங்கே கலந்தால் இவருக்கு ராத்திரி ஆகிவிடும். ஆனால் நீலக்குடை, உங்கள் Anti-alias தேர்வில் LCD என்று பெயர் உள்ளது இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதுவும் ஓரத்தில் நிறம் சேர்க்கும், அந்த நிறம் படத்திலேயே பதிந்துவிடும்.

நீலக்குடை
எடுத்துவிட்டேன்.

```
வ  : 199 199 208 172 115 67 51 50
11 : 199 199 199 128 51 51 51 51
```

ராத்திரி ரயில்
அருமை, எல்லாம் இதிலேயே இருக்கிறது. உங்கள் 11-இல் 199-க்கும் 51-க்கும் நடுவே ஒரே ஒரு பிக்சல்தான். பழைய எழுத்தில் 172, 115, 67 என்று மூன்று படி இறங்குகிறது. இன்னொன்றும் பாருங்கள், இறங்குவதற்கு முன்னால் 208 என்று ஒரு ஏற்றம் வருகிறது. அது போர்டில் இல்லாத வெளிச்சம், போன் கேமரா படத்தைக் கூர்மையாக்கும்போது ஓரத்தில் போட்ட கோடு. மங்கல் மட்டும் சேர்த்தால் 11 மென்மையாகும், ஆனால் அந்த வெளிச்சக் கோடு இருக்காது, அப்போதும் வேறு படத்தில் இருந்து வந்தது போலத்தான் தெரியும்.

முதலில் மங்கல். மொத்த இறக்கத்தில் முதல் பத்து சதவீதத்தையும் கடைசி பத்து சதவீதத்தையும் விட்டுவிட்டால் நடுவில் சுமார் 2.4 பிக்சல் வருகிறது. அதை இரண்டரையால் வகுத்தால் கிடைப்பது Gaussian Blur-க்கு Radius, அதாவது 1-க்குப் பக்கம். பிறகு கூர்மை சேர்க்கப் போகிறோம், அது ஓரத்தை இறுக்கும், அதனால் 1.1 அல்லது 1.2-இல் ஆரம்பியுங்கள். எழுத்து லேயரை Smart Object ஆக்கிவிட்டுப் போடுங்கள், பிறகு எண்ணை மாற்றிப் பார்க்கலாம்.

அடுத்தது வெளிச்சக் கோடு. இதை எழுத்து லேயரில் தனியாகச் செய்தால் வராது, ஏனென்றால் அந்தக் கோடு விழ வேண்டியது மஞ்சள் மேல், எழுத்து லேயரில் மஞ்சளே இல்லை. 9-ஐ அழித்து மூடிய மஞ்சள் துண்டையும் எழுத்தையும் சேர்த்து ஒரே Smart Object ஆக்கி, அதன் மேல் Unsharp Mask போடுங்கள். Amount 50, 60-இல் ஆரம்பித்து, Radius 1, Threshold 0. மறுபடி அளந்து பாருங்கள், 199 தாண்டி 207, 208 வரும் வரை ஏற்றுங்கள்.

பழைய டிடிபி
இவ்வளவு சுற்றல் எதற்கு? மாற்றிய படத்தை ஜேபெக்கில் தரம் 6-இல் ஒரு தடவை சேமித்துத் திறந்தால் புதியதும் பழையதும் ஒன்றாகிவிடும். இருபது வருஷமாக அச்சகத்தில் இதைத்தான் செய்கிறோம்.

ராத்திரி ரயில்
அதில் பாதி சரி, ஐயா. ஜேபெக் நிறத்தைப் பாதி அளவில் வைப்பதால் பழைய எழுத்தின் சிவப்பு மஞ்சளுக்குள் கொஞ்சம் கசிந்திருக்கும், தரம் குறைத்துச் சேமித்தால் புதிய எழுத்திலும் அந்தக் கசிவு வரும். ஆனால் ஏற்கெனவே வாட்ஸ்அப் நசுக்கிய படத்தை மறுபடி நசுக்கினால் இட்லித் தட்டு, கடை முகப்பு எல்லாம் சேர்ந்துதான் கெடும். ஒரு பிக்சல் ஓரம் மூன்று பிக்சலாகவும் ஆகாது.

பழைய டிடிபி
அச்சில் அதெல்லாம் தெரியாது.

பிளெக்ஸ்காரன்
நோட்டீஸ் பேப்பரில் தெரியாது, உண்மை. பெரிய பேனரில் நன்றாகத் தெரியும், அங்கே எட்டுக்கு எட்டுக் கட்டமாக எழுந்து நிற்கும். கசிவு மட்டும் வேண்டும் என்றால் எழுத்து லேயரை இரட்டித்து, மேலே உள்ளதை Color என்று மாற்றி அதை மட்டும் Radius 2 மங்கலாக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய டிடிபி
டிபன் கடை நோட்டீஸுக்கு இது தேவையா என்பதுதான் என் கேள்வி.

நீலக்குடை
மங்கல், கூர்மை இரண்டும் போட்டேன், ஓரம் ஒத்துப்போகிறது. ஆனால் 11 இப்போது வெளிறிப்போய் இருக்கிறது, பக்கத்து எழுத்தைவிட மெலிந்தும் தெரிகிறது. கோட்டின் நடுவில் அளந்தால் 51 இல்லை, 70-க்கு மேல் வருகிறது.

ராத்திரி ரயில்
உங்கள் 11-இன் கோடு எத்தனை பிக்சல் தடிமன்? மூன்று என்றால், Radius 1.1 போட்டதும் நடுப்பகுதிக்குள்ளும் மஞ்சள் வந்துவிடும். வ-வின் கோடு அதைவிடத் தடிமனாக இருக்கும், அதனால்தான் அது தப்பித்தது. பிளெக்ஸ்காரன் ஃபான்டைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்துகிறது, உங்கள் ஃபான்ட் பழையதைவிட ஒரு சுற்று மெல்லியது. Bold எடை இருந்தால் அதற்கு மாறுங்கள், இல்லாவிட்டால் மங்கலாக்கும் முன்னால் எழுத்துக்கு அதே சிவப்பில் ஒரு பிக்சல் Stroke கொடுங்கள். சிவப்பை எங்கிருந்து எடுத்தீர்கள்?

நீலக்குடை
6-இன் வளைவில் இருந்து.

ராத்திரி ரயில்
உங்கள் 11-க்குள் 51 வந்திருப்பதால் இந்தத் தடவை நிறம் தப்பித்தது, ஆனாலும் அங்கிருந்து எடுக்காதீர்கள். சின்ன எழுத்தின் மெல்லிய வளைவில் கேமராவே மஞ்சளைக் கலந்துவிடும். கலந்த நிறத்தை எடுத்து மறுபடி மங்கலாக்கினால் இரண்டு தடவை நீர்த்துப்போகும். மேலே கடைப் பெயர் பெரிதாக அதே சிவப்பில் இருந்தால், அதில் தடித்த கோட்டின் நடுவில் இருந்து எடுங்கள்.

கல்தச்சன்
என் பங்குக்கு ஒன்று. 11-க்கு இடம் வேண்டும் என்று "வரை"யை வலது பக்கம் நகர்த்தியிருப்பீர்கள். அம்புக்குறி விசையால் முழுப் பிக்சலாக நகர்த்துங்கள். Free Transform-இல் இழுத்து அரைப் பிக்சலில் விட்டால் பழைய எழுத்தே இன்னொரு தடவை மங்கிவிடும், அப்புறம் "இரவு" ஒரு கூர்மை, "வரை" ஒரு கூர்மை என்று ஆகும்.

ராத்திரி ரயில்
நல்ல குறிப்பு. கடைசியாக, எழுத்தின் உள்பக்கம். உங்கள் 11-க்குள் வரிசையாக 51, 51, 51. பழைய எழுத்துக்குள் 46 முதல் 56 வரை ஏறி இறங்கும். ஓரம் எவ்வளவு பொருந்தினாலும் உள்ளே மழமழவென்று இருந்தால் ஸ்டிக்கர் போலத் தெரியும். Add Noise-இல் 1.5% அளவு, Gaussian, Monochromatic. அதன் மேல் 0.4 மங்கல், போன் படத்தின் நொய்ஸ் தனித்தனிப் புள்ளியாக இருக்காது, கொஞ்சம் திட்டுத்திட்டாக இருக்கும். இது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், கூர்மைக்கு முன்னால் போட்டால் நொய்ஸையும் அது தூக்கிக் காட்டிவிடும்.

மஞ்சப்பை
நான் ஜிம்ப்தான் வைத்திருக்கிறேன், இந்த Radius எண்ணையே அங்கேயும் போடலாமா?

பிளெக்ஸ்காரன்
2.10-இல் Size X, Size Y என்று கேட்கும், அதே எண்ணில் ஆரம்பிக்கலாம். அதற்கு முந்தைய பதிப்பில் Radius-க்குக் கணக்கு வேறு, அங்கே அளந்துதான் போட வேண்டும்.

நீலக்குடை
பெரிய எழுத்தில் இருந்து நிறம் எடுத்தேன், Bold, Radius 1.2, Amount 70. நடுவில் 54 வருகிறது. மாமாவிடம் காட்டினேன், எது மாற்றியது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு 100%-இல் தெரியவில்லை, 300%-இல் மஞ்சள் பக்கம் ஏதோ லேசாக வித்தியாசமாக இருக்கிறது. அச்சுக்கு அனுப்புகிறேன், எல்லாருக்கும் நன்றி.

பிளெக்ஸ்காரன்
அந்த மஞ்சள் வித்தியாசம் கசிவு. Color லேயரை முயன்று பாருங்கள்.

பழைய டிடிபி
அல்லது தரம் 6.

ராத்திரி ரயில்
9-ஐ அழித்த இடத்தை எதால் மூடினீர்கள்? கிரேடியன்ட் என்றால் அங்கே நொய்ஸே இருக்காது, அதுவாகவும் இருக்கலாம். குளோன் ஸ்டாம்ப் என்றால் பிளெக்ஸ்காரன் சொல்வதுதான். போர்டு மாறும் வரை இதே படத்தைப் பேனருக்கும் எடுப்பீர்கள் என்றால், மாமா போனில் இருக்கும் அசல் படத்தை டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லிவிட்டு அதில் முதலில் இருந்து அளந்து செய்யுங்கள், இந்த எண்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது.