மைக்ரோ பிளேட்டிங் ஆரம் படத்தில் மட்டும் சிவக்கிறது

மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே கவரிங் நகை விற்கிறேன். பித்தளை மேல் மைக்ரோ பிளேட்டிங் செய்த ஆரம் நேரில் வெளிர் மஞ்சள், படத்தில் செம்பு நிறம். பொங்கலிலிருந்து “நிறம் வேறு” என்று திரும்பி வருகிறது. பிளேட்டிங் வகை, வியர்வையும் சென்ட்டும் பட்டால் கறுக்கும், நிக்கல் ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும் என்றெல்லாம் எழுதிவிட்டேன். அதில் புகார் இல்லை.

டியூப்லைட்டை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், சாம்பல் அட்டை வைத்து ஒயிட் பேலன்ஸ் பூட்டி எடுத்தேன். பக்கத்துக் காகிதம் வெள்ளையாகவே விழுகிறது, நகை மட்டும் சிவக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் குண்டுமணிகளின் வளைவில் எதிரே உள்ள காவிச் சுவர் தெரிகிறது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டினால் சிவப்பு போகிறது, ஆனால் மினுமினுப்பும் சேர்ந்து போய் நகை தட்டையாகிவிடுகிறது.

இரண்டும் கெடாமல் எடுக்க, வெள்ளை அட்டையையும் கறுப்பு அட்டையையும் நகைக்கு எந்தப் பக்கம் வைப்பீர்கள்?