சலூன் கணக்கு: ஃபேஷியல் ரூமை எடுத்துட்டு நாலாவது சேர் போடலாமா?

மார்த்தாண்டம்_சலூன்: ஜென்ட்ஸ் சலூன். சதுர அடிக்கு வருமானம் போட்டுப் பார்த்தேன். வெட்டுற இடம் 120 அடி, மாசம் 66,000, அப்போ அடிக்கு 550. ஃபேஷியல் ரூம் 70 அடி, 19,800, அடிக்கு 283தான். பாதி வருது. ரூமை இடிச்சு ஒரு சேர் போட்டா லாபம்தானே? அவசரம், ஆசாரி நாளைக்கு வாறார்.

கத்திரி: சேர் எத்தனை? ஆள் எத்தனை? மாசம் எத்தனை தலை? ஒண்ணும் சொல்லாம எப்படிச் சொல்ல?

குளச்சல்_அக்கா: ஃபேஷியல் போடுறது யாரு? வெட்டுற ஆளேவா, தனி ஆளா?

திங்கள்சந்தை_பாய்: சேர் வேணும்னா ஹைட்ராலிக் ரெண்டு கிடக்கு. ஒண்ணுல ஆயில் கசியும், ஆள் உட்கார்ந்தா மெள்ள இறங்கும். சீல் மாத்தினா சரியாயிடும்.

கத்திரி: பாய், அவரு சேர் வாங்கவா கேட்டாரு?

மார்த்தாண்டம்_சலூன்: சேர் 3. மாசச் சம்பளத்துக்கு ரெண்டு பேர், ஞாயிறு மட்டும் இன்னொருத்தர், அவருக்குப் பாதிக்குப் பாதி. ஃபேஷியலும் சம்பள ஆள்தான் போடுறார். 9 முதல் 8 வரை, செவ்வாய் லீவு. மாசம் 440 பேர், சராசரி 150. ஃபேஷியல் 22, ஒண்ணு 900. ஞாயிறு ஆள் நின்னுட்டுத் திரும்பிப் போறாங்க.

நாகர்கோவில்_ஆடிட்: இதையெல்லாம் இங்க எத்தனை தடவை சொல்லியாச்சு, தேடிப் படிக்கிற பழக்கமே இல்ல. முதல்ல அடிக்கணக்கே தப்பு. அக்ரிமென்ட்ல எத்தனை அடியோ அதைத்தான் வகுக்கணும். காத்திருக்கிற பெஞ்ச், வாஷ்பேசின் எல்லாத்துக்கும் வாடகை போகுதுல்ல?

தக்கலை_ராஜன்: அடி போகட்டும், சேரைப் பாருங்க. ஒரு நாளைக்கு 11 மணி நேரம், 3 சேர், 26 நாள்: மொத்தம் 858 மணி நேரம். 440 பேருக்கு அரை மணி வச்சா 220 மணி. நாலுல ஒரு பங்குதான் சேர்ல ஆள் இருக்கு. காலியா கிடக்கிற மூணு சேருக்கு நடுவுல நாலாவது எதுக்கு? சேரைக் குறைங்க.

கத்திரி: ராஜன் கணக்கு சரி, முடிவு அரைகுறை. சராசரி ஞாயிற்றுக்கிழமையை மறைச்சிடும். பூசையும் ஆராதனையும் முடிஞ்சு 10 முதல் 2 வரை மூணு சேரும் நிறைஞ்சிருக்கும், மத்த நேரம் காலி. அதனால நாலாவது சேர் சம்பாதிக்கிறது அந்த நாலு மணி நேரம் மட்டும்தான். மணிக்கு ரெண்டு தலை, ஞாயிறுக்கு 8, மாசம் 32. 150 வீதம் 4,800. அதுக்கும் நாலாவது ஆள் வேணும், பாதிக்குப் பாதி போனா கையில 2,400.

ரூமை எடுத்தா போறது எவ்வளவு? கிரீம், பேக் எல்லாம் ஒண்ணுக்கு 250 வச்சா 22-க்கு 5,500. 19,800-ல அதைக் கழிச்சா 14,300. சம்பள ஆள் எப்படியும் சம்பளம் வாங்குவார். 2,400-க்காக 14,300-ஐ இடிக்கிறதா? 550ங்கிறது இருக்கிற சேர் சம்பாதிக்கிறது. புதுச் சேர் அதைக் கொண்டுவராது.

குளச்சல்_அக்கா: ரூமும் சும்மாதான் கிடக்கு. படுக்கை துடைக்கிற நேரத்தோட ஒண்ணே கால் மணி வச்சாலும் 22-க்கு 28 மணி கூட ஆகல. திறந்திருக்கிறது 286 மணி. கிழமை நாள்ல அதே ரூம்ல பெடிக்யூர் வைங்க, ஒரு ஸ்டூலும் டப்பும் போதும். ஃபேஷியலை ஞாயிறு காலை எடுக்காதீங்க.

தக்கலை_ராஜன்: அக்கா, ஞாயிறும் ஃபேஷியல்தான் லாபம். ஒண்ணே கால் மணியில ரெண்டரை தலை, 375. ஃபேஷியல்ல செலவு போக 650.

குளச்சல்_அக்கா: திரும்பிப் போன ஆள் அடுத்த மாசமும் அடுத்த கடைக்குத்தான் போவான். அது உங்க 650-ல வராது.

நாகர்கோவில்_ஆடிட்: இன்னும் பொது இடத்தைப் பங்கு வைக்கல.

கத்திரி: வச்சாலும் வாடகை குறையாது. ரூமை எடுத்தா அந்தப் பங்கு சேர் தலையில விழும், அவ்வளவுதான்.

நாகர்கோவில்_ஆடிட்: அப்போ அடிக்கணக்கே எதுக்கு?

கத்திரி: வாடகை ஏத்தும்போது கடை தாங்குமான்னு பார்க்க. சர்வீஸ் எடுக்கிறதா விடுறதான்னு பார்க்க இல்ல.

மார்த்தாண்டம், ஒண்ணு கேட்கணும். ஞாயிறு டை அடிச்சவர் எங்க உட்காருறார்?

மார்த்தாண்டம்_சலூன்: சேர்லயேதான். 30, 35 நிமிஷம். காலையில நாலு பேர் இருப்பாங்க.

கத்திரி: அதான் ஓட்டை. டை பிடிக்கிற அந்த அரை மணி ஒரு தலைக்குச் சமம். நாலு பேரையும் துண்டு போர்த்தி வாஷ்பேசின் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல வச்சா நாலு தலை கூடும். நாலாவது சேர்ல வர்றதுல பாதி, செலவில்லாம. ஆசாரிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லுங்க.

அப்புறம் நாலு வாரம் ஒரு நோட்டு வைங்க: சேர் நம்பர், உட்கார்ந்த மணி, எழுந்த மணி, வேலை. ஜிபே மணியை நம்பாதீங்க, அது காசு கொடுத்த நேரம், உட்கார்ந்த நேரம் இல்ல. கதவைத் திறந்து பார்த்துட்டுத் திரும்பினவங்களுக்கு ஓரத்துல ஒரு கோடு. நான் சொன்ன எட்டுத் தலை அனுமானம். கோடு அதைவிடக் கம்மியா இருந்தா அந்த 2,400-உம் வராது.

தக்கலை_ராஜன்: மணிக்கணக்கா கோடு போடணும். மொத்தமா போட்டா பிரயோஜனம் இல்ல.

திங்கள்சந்தை_பாய்: அப்போ சேர் வேண்டாமா?

மார்த்தாண்டம்_சலூன்: ஆசாரிட்ட சொல்லியாச்சு. இந்த ஞாயிறு டை ஆளுகளை மாத்தி உட்கார வச்சேன், ஒருத்தர் மட்டும் கண்ணாடி இல்லன்னு முறைச்சார். நோட்டு வாங்கிட்டேன்.