முடி ஓரத்துப் பச்சை: மேட்டைச் சுருக்குவதா, நிறத்தைத் திருத்துவதா?

சாளரம்: பச்சைத் திரைக்கு முன் எடுத்த ஷாட்டில் திரையை நீக்கி வானத்தை வைக்கிறேன். கீ நன்றாகவே வந்தது. ஆனால் கருமுடி ஓரமெல்லாம் பச்சை. திரையின் பச்சைச் சாயலை எடுக்கும் டீஸ்பில் போட்டால் பச்சை போய்விடுகிறது, ஆனால் வெளிச்சமான வானத்துக்கு முன்னால் முடியைச் சுற்றி ஒரு கருப்புக் கோடு நிற்கிறது. என்ன செய்யலாம்?

கத்தரி: ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் மேட்டை 2 பிக்சல் உள்ளே தள்ளி லேசாக மங்கலாக்குங்கள். பச்சையும் போகும், கோடும் போகும். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

தறி: தோளுக்கும் சட்டைக் கைக்கும் அது சரி. முடிக்கு வேண்டாம். ஒரு இழையே ஒன்றிரண்டு பிக்சல் அகலம்தான். 2 பிக்சல் தள்ளினால் இழைகள் மறைந்து, தலை கத்தரித்து ஒட்டியது போல ஆகிவிடும்.

அந்தக் கோடு வருவது வேறு காரணத்தால். ஓரத்துப் பிக்சல் ஒன்றில் சிவப்பு 0.12, பச்சை 0.40, நீலம் 0.14 என்று வையுங்கள். டீஸ்பில் பச்சையை மற்ற இரண்டின் சராசரியான 0.13-க்கு இறக்குகிறது. நிறம் சரியாகிறது, ஆனால் 0.27 அளவு வெளிச்சமும் கூடவே போய்விடுகிறது. இழைகளுக்கு நடுவே திரை தந்த வெளிச்சம் அது. அந்த இடத்தில் இப்போது வானம் இருப்பதால், வானத்தின் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். Nuke மென்பொருள் என்றால் Expression நோடில் பச்சைக்கு இது:

```
g > (r+b)/2 ? (r+b)/2 : g
```

மூலப் படத்தின் பச்சையிலிருந்து இந்தப் பச்சையைக் கழித்தால், எங்கே எவ்வளவு எடுத்தோம் என்பது ஒரு கருப்பு வெள்ளைப் படமாகக் கிடைக்கும். மங்கலாக்கிய வானத்தை அதோடு பெருக்கி ஓரத்தில் கூட்டுங்கள். மேட் வழியாகவும் வானம் கொஞ்சம் வருவதால் முழு அளவில் கூட்டினால் முடி ஒளிரும். பாதியில் தொடங்கி, கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

நள்ளிரவு: இதே சூத்திரத்தில் என் படத்தில் மஞ்சள் சட்டை ஆரஞ்சாகிவிட்டது. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

தறி: உண்மைதான், நான் சொல்லியிருக்க வேண்டும். மஞ்சளில் சிவப்பும் பச்சையும் உயர்வு, நீலம் மிகக் குறைவு. அதனால் சராசரி பச்சையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். சராசரிக்குப் பதில் max(r,b) வையுங்கள், சட்டை தப்பிக்கும். கருமுடியில் சிவப்பும் நீலமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் அங்கே பெரிய வித்தியாசம் இராது. கன்னத்து ஓரத்தில்தான் கொஞ்சம் பச்சை மிஞ்சும்.

கத்தரி: அப்புறம் கன்னத்துக்குத் தனி மாஸ்க், அதுவும் தலை அசையும் ஷாட்டில்! மேலும் செல்போன் காட்சியில் நிறத் தகவல் பெரும்பாலும் நாலில் ஒரு பங்குதான். உங்கள் கழித்தல் படமே கட்டம் கட்டமாக வரும்.

தறி: கட்டம் வரும், ஒப்புக்கொள்கிறேன். அதை லேசாக மங்கலாக்கினால் ஓரளவு அடங்கும். ஆனால் மேட்டைச் சுருக்கி முடியை இழப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

சாளரம்: வானத்தை 0.6 அளவில் கூட்டியதும் கோடு மறைந்தது, இழைகளும் அப்படியே இருக்கின்றன. தலையை வேகமாகத் திருப்பும் நாலைந்து ஃபிரேம்களில் மட்டும் இன்னும் பச்சைப் புகை போல் தெரிகிறது.