ஜேசிபி கேபிளை அறுத்த மாலை: மெசேஜ் வெள்ளத்தை எப்படிப் பிரித்தோம்

தக்கலை டெஸ்க்
தக்கலைப் பக்கம் ஒரு சின்ன ஃபைபர் நெட் கம்பெனியில் கம்ப்ளெயிண்ட் டெஸ்க் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் அழகியமண்டபம் பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிய ஜேசிபி, எங்கள் மெயின் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாலை ஆறரை மணி. திங்கள்நகர், கருங்கல் மொத்தமும் போச்சு. டெஸ்கில் இரண்டே பேர். போன் சூடாகிற அளவுக்கு வாட்ஸ்அப்.

முதலில் ஒருத்தருக்கும் பதில் போடவில்லை. பிசினஸ் ஆப்பில் தானாகப் போகிற பதிலை மாற்றினோம்:

"மாலை 6.30 முதல் திங்கள்நகர், கருங்கல் பகுதியில் கேபிள் அறுந்து நெட் இல்லை. ஆட்கள் போயிருக்கிறார்கள். அடுத்த தகவல் 8 மணிக்கு. ரோட்டில் கேபிள் தொங்கினாலோ, நீங்கள் கிளினிக், லேப் என்றாலோ 1 என்று அனுப்பவும். நீங்கள் வேறு ஊர் என்றாலோ, பாக்ஸில் LOS விளக்கு சிவப்பாக இல்லை என்றாலோ 2 என்று அனுப்பவும். மற்றவர்கள் எதுவும் அனுப்ப வேண்டாம்."

கேபிள் அறுந்து சிக்னல் வராவிட்டால்தான் LOS சிவப்பாகும்; சிவப்பு இல்லை என்றால் கோளாறு வேறு. எப்போது சரியாகும் என்று எழுதவில்லை. குழியைத் தோண்டி நல்ல முனை கிடைக்கும்வரை ஒட்டுகிறவருக்கே தெரியாது. எட்டு மணிக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும், "இன்னும் ஒட்டவில்லை, அடுத்தது 9.30" என்று ஸ்டேட்டஸிலும் அதே பதிலிலும் மாற்றினோம்.

1 போட்டவர்களுக்கு உடனே போன். 2 போட்டவர்களுக்கு மஞ்சள் லேபிள், வரிசையாகப் பார்த்தோம். எண் போடாமல் "எப்பம் வரும்?" என்று மட்டும் கேட்டவர்களுக்குத் தனிப் பதில் கிடையாது.

ஒன்று கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப மெசேஜ் போடுகிறவர்தான் மேலே வருவார். ஒரே ஒரு தடவை போட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கிறவர் அடியில் போய்விடுவார். அதனால் லிஸ்டை அடியிலிருந்து மேலே பார்த்தோம்.

மஞ்சளில்தான் விஷயமே இருந்தது. குளச்சலில் ஒரே தெருவிலிருந்து நாலைந்து பேர் 2 போட்டிருந்தார்கள், எல்லோருக்கும் LOS சிவப்பு. அறுந்த கேபிளில் குளச்சல் கிடையாது. ஆள் போய்ப் பார்த்தால், தென்னை மட்டை விழுந்து அங்கே தனியாக ஒன்று அறுந்திருக்கிறது. 2 என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒரே பதிலோடு விட்டிருந்தால், காலையில்தான் தெரிந்திருக்கும்.

நாகர்கோவில் ரிடையர்டு
இவ்வளவு எதற்கு? பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு எல்லோருக்கும் ஒரே அடியாக அனுப்பினால் கேள்வியே வராதே.

தக்கலை டெஸ்க்
முன்னாடியே சொன்னால் பாதிப் பேர் கேட்க மாட்டார்கள், அது சரிதான் சார். ஆனால் அந்த லிஸ்டில் 256 பேர்தான். அதிலும் நம் நம்பரை சேவ் பண்ணியவருக்கு மட்டுமே போகும். நெட் நின்ற பிறகு பில்லில் நம்பரைத் தேடி எடுக்கிறவர்தான் நிறைய.

குலசேகரம் தோட்டம்
எனக்கு ஒரு வாரமாக நெட் ஸ்லோ. இதில் 1 போடணுமா 2 போடணுமா?

தக்கலை டெஸ்க்
அண்ணே, அது அந்த ஒரு மாலைக்கு மட்டும். உங்கள் கம்பெனிக்கு போன் போடுங்கள். பேசும்போது வைஃபையிலா, வயரில் செருகியா என்று ரெண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பள்ளி ஆபீஸ் அக்கா
எங்களுக்கு மழை லீவு அறிவிப்பு வரும் நாள் இதே கதை. "நாளைக்கு லீவா?" என்று எல்லா அம்மாக்களும். தானாகப் போகிற பதிலில் தேதியும் கிழமையும் போட்டே ஆகணும். ஒரு தடவை பழைய பதிலை எடுக்க மறந்து, மறுநாளும் "இன்று விடுமுறை" என்றே போய், சில பிள்ளைகள் வரவே இல்லை.

கால் சென்டர் முன்னாள்
சரியாச் சொன்னீங்க அக்கா. நெட் வந்த பிறகு உள்ள ஒரு மணி நேரம்தான் ஆபத்து. தக்கலை தம்பி, ஒட்டி முடித்ததும் என்ன செய்தீர்கள்?

தக்கலை டெஸ்க்
பதிலை மாற்றினோம்: "10.40-க்கு நெட் வந்தது. இன்னும் சிவப்பு என்றால் 2." கருங்கல்லில் சில வீடுகள் அப்போதும் சிவப்பு. கேபிளுக்குள் ஒரு இழை சரியாக ஒட்டவில்லை. ஆள் குழியை மூடுவதற்குள் தெரிந்ததால் தப்பித்தோம்.

கால் சென்டர் முன்னாள்
அருமை. கூடுதல் பணம் கட்டும் கடைக்காரர்கள்? அவர்கள் 1-இல் வரணும் என்பது என் கட்சி. ஒப்பந்தம் அப்படி இருந்தால் மறுக்க முடியாது.

தக்கலை டெஸ்க்
எங்கள் முதலாளியும் அதையே சொல்கிறார். ஆனால் கடைகளைச் சேர்த்தால் 1 நிரம்பிவிடும், தொங்குகிற கேபிள் அதற்குள் புதைந்துபோகும். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பள்ளி ஆபீஸ் அக்கா
கடைகளுக்கு என்று தனி நம்பர் கொடுத்தால் என்ன?

தக்கலை டெஸ்க்
கொடுக்கலாம் அக்கா. அதை எடுக்க மூணாவதாக ஒரு ஆள் வேணுமே!