கலைச்சொல் விவாதம்: TNM-இன் மூன்று எழுத்துகளுக்கும் தமிழில் என்ன எழுதலாம்?

கயல்விழி:

குழுவினருக்கு வணக்கம். மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்தவர்கள் கையில் வாங்கும் திசு அறிக்கையை விளக்க, இரண்டு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். புற்று எவ்வளவு வளர்ந்து, எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதைக் குறிக்கும் T, N, M என்ற எழுத்துகளை அப்படியே விட்டுவிடுகிறேன். அறிக்கையில் அப்படித்தான் அச்சாகி வருகிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். இப்போதைக்கு வைத்திருப்பவை:

T – கட்டியளவு
N – நெறிக்கட்டி
M – பரவல்

ஸ்டேஜ் என்பதற்கு ‘நிலை’, கிரேடு என்பதற்குத் ‘தரம்’. இந்த இரண்டையும் மாற்றும் எண்ணமில்லை. மேலே உள்ள மூன்றைப் பற்றிச் சொல்லுங்கள்.

முத்துக்குமரன்:

அன்புள்ள கயல்விழி, ‘கட்டியளவு’ நன்று. ஆனால் நோய் முதலில் தோன்றிய கட்டியைத்தான் T குறிக்கிறது என்பது அதில் விளங்கவில்லை. ‘மூலக்கட்டி’ என்று வைக்கலாம். ‘நெறிக்கட்டி’ மக்கள் வழக்கு, அதை விட்டுவிடாதீர்கள். M-க்குச் ‘சேய்மைப் பரவல்’ பொருந்தும். அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று பள்ளியிலேயே படித்த சொல் என்பதால் யாருக்கும் அந்நியமாக இராது.

மரு. அருள்மொழி (நோய்க்குறியியல்):

கயல்விழி, மூன்றுமே மாற வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மார்பகத்தில் மட்டும் பார்த்தால் ‘கட்டியளவு’ ஏறக்குறைய சரி. 20 மி.மீ. வரை T1, அதற்கு மேல் 50 மி.மீ. வரை T2, அதையும் தாண்டினால் T3. ஆனால் T4-க்கு அளவே கிடையாது. 15 மி.மீ. கட்டி தோலைப் புண்ணாக்கி வெளியே வந்திருந்தாலோ, நெஞ்சுச் சுவரைப் பிடித்திருந்தாலோ அது T4. பெருங்குடலுக்குப் போனால் அளவு அறவே உதவாது. அங்கே குடல் சுவரில் எத்தனை அடுக்கு உள்ளே போயிருக்கிறது என்பதுதான் கணக்கு. தசை அடுக்கோடு நின்ற 6 செ.மீ. கட்டி T2, தசையைக் கடந்துவிட்ட 2 செ.மீ. கட்டி T3. ‘கட்டியளவு’ என்று அச்சடித்தால் இந்த இரண்டாவது ஆள் தன்னுடையது சின்னக் கட்டிதானே என்று நினைத்துக்கொள்வார்.

‘மூலக்கட்டி’ வேண்டாம், முத்துக்குமரன் ஐயா. ஆசனவாய்ப் பக்கம் வந்த புற்றுநோய்க்கு அந்தச் சொல்லை எழுதினால் படிப்பவர் மூலநோய் என்றே எடுத்துக்கொள்வார். மலக்குடல் கட்டியை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு போடுவது ஏற்கனவே நடக்கிற விபரீதம். ‘முதற்கட்டி’ போதும்.

‘நெறிக்கட்டி’யில் வேறு சிக்கல். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்போம். அது கிருமிக்கு எதிராக வீங்குவது. N1 என்றால் கணுவுக்குள் புற்றுச்செல் இருக்கிறது என்று பொருள். பெரிதாக வீங்கிய கணு N0 ஆக இருக்கலாம், விரலுக்கு அகப்படாத கணு N1 ஆக இருக்கலாம். ‘நிணநீர்க்கணு’ என்றே எழுதுங்கள்.

M பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுதான் பெரிய தலைவலி.

பாத்திமா:

டாக்டர், குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என் அக்கா ரிப்போர்ட்ல 14 கணு எடுத்து, 3-ல ‘மெட்டாஸ்டாடிக் கார்சினோமா’ன்னு போட்டிருக்காங்க. மெட்டாஸ்டாசிஸ்னா M தானே? அப்போ M1, நாலாவது ஸ்டேஜ்னு வீட்ல எல்லாரும் உடைஞ்சு போயிருக்கோம். M-னு ஒரு எழுத்துகூட அந்த ரிப்போர்ட்ல இல்ல. மறைக்கிறாங்களோன்னு அம்மா கேக்குறாங்க. எம்.ஆர்.ஐ.ல T2-ன்னு வேற வருது.

சேது:

பாத்திமா அவர்களுக்கு, எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வரும் T2 படம் எடுக்கும் முறையின் பெயர். மூட்டு வலிக்கு எடுத்தாலும் வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கணுவைப் பொறுத்தவரை, அக்குள் கணு மட்டும் என்றால் N. கழுத்தெலும்புக்கு மேலே உள்ள கணுவுக்குப் போயிருந்தால் M1. கதிரியக்கப் பிரிவில் அப்படித்தான் எழுதி வந்தோம். எனவே முத்துக்குமரன் சொல்லும் ‘சேய்மை’ சரியாகவே இருக்கிறது. அக்குள் அண்மை, கழுத்து சேய்மை.

மரு. அருள்மொழி:

பாத்திமா, முதலில் உங்களுக்கு. கணுவில் ‘மெட்டாஸ்டாடிக்’ என்று எழுதியிருந்தாலும், அதே பக்கத்து அக்குள் என்றால் அது N கணக்கில்தான் வரும். அதை வைத்து யாரும் நாலாவது நிலை என்று சொல்ல மாட்டார்கள். அறிக்கையில் M இல்லாததற்கும் எளிய காரணம் உண்டு. அறுத்து அனுப்பிய மார்பும் கணுவும்தான் எங்கள் மேசைக்கு வருகின்றன. கல்லீரலும் எலும்பும் எங்கள் கண்ணில் படுவதில்லை. M-ஐ முடிவு செய்வது நோயாளியைப் பரிசோதித்து, தேவையென்றால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் மருத்துவர். முன்பு MX என்று ஒரு குறி இருந்தது. TNM விதிகளின் 2010-இல் வந்த ஏழாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அறிகுறி எதுவும் இல்லையென்றால் cM0 என்று அவர் எழுதலாம். அதில் உள்ள c, மருத்துவப் பரிசோதனையில் கண்டது என்பதற்கு. வேறு உறுப்பிலிருந்து துணுக்கு எடுத்துப் புற்று இருப்பது உறுதியானால் மட்டுமே pM1. அந்த p, திசுவில் கண்டது.

அறிக்கையில் கட்டியின் அளவு, கணுக்களில் உள்ள புற்றுப் படிவின் அளவு என்று என்ன போட்டிருக்கிறது?

பாத்திமா:

ஊடுருவிய பகுதி 18 மி.மீ., மொத்தம் 32 மி.மீ.-ன்னு இருக்கு. மூணு கணுல பெரிய படிவு 6 மி.மீ., சின்னது 3 மி.மீ. நாலாவது ஒரு கணுல ‘தனிச்செல்கள், 0.1 மி.மீ.’ன்னு தனியா எழுதியிருக்காங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த அல்ட்ராசவுண்டுல 24 மி.மீ., அக்குள் நார்மல்.

மரு. அருள்மொழி:

இது கையேட்டுக்கே நல்ல எடுத்துக்காட்டு, கயல்விழி. தவறு எங்கே நுழையும் என்பது இதில் தெரிகிறது.

18, 32 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. 32 என்பது பால்குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் பகுதியையும் சேர்த்தது. T-க்கு எடுப்பது ஊடுருவிய பகுதியை மட்டும். எனவே 18 மி.மீ., pT1c. 32-ஐ எடுத்தால் T2 ஆகிவிடும். (ஒரே மார்பில் இரண்டு கட்டிகள் இருந்தாலும் பெரியதைத்தான் எடுக்க வேண்டும், கூட்டக்கூடாது.)

திசுவில் எண்ணும்போது 1 முதல் 3 கணு வரை pN1, 4 முதல் 9 வரை pN2, 10-உம் அதற்கு மேலும் pN3. நாலாவது கணுவைச் சேர்த்தால் pN2 ஆகும். ஆனால் 0.2 மி.மீ.-ஐத் தாண்டாத செல்கூட்டம் கணுக் கணக்கில் சேராது. அதைக் குறிப்பிடுவோம், எண்ணமாட்டோம். ஆக 3 கணு, pN1a.

cM0 என்று வைத்துக்கொண்டால் pT1c pN1a cM0. உடற்கூற்று அட்டவணைப்படி நிலை IIA. 32-ஐயும் நாலாவது கணுவையும் சேர்த்து எண்ணியிருந்தால் T2 N2, நிலை IIIA. ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்த்துவிட்டு இவ்வளவு தூரம் தவற முடியும்.

அறுவைக்கு முன்னால் 24 மி.மீ., கணு இல்லை என்பதால் cT2 cN0. அதுவும் IIA-தான். கட்டி நினைத்ததைவிடச் சிறியது, கணு நினைத்ததைவிட மோசம். நிலை எண் ஒன்றாக இருப்பதால் எதுவும் மாறவில்லை என்று நினைத்துவிடக்கூடாது. ஒன்று வந்ததும் மற்றதை அழிப்பதில்லை, c வரியும் p வரியும் பதிவேட்டில் தனித்தனியாக இருக்கும். கையேட்டிலும் இரண்டு வரியாகப் போடுங்கள்.

பாத்திமா, நான் சொன்னது உங்கள் மருத்துவர் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். எட்டாம் பதிப்பில் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2, தரம் இவற்றையும் சேர்த்து இன்னோர் அட்டவணை இருக்கிறது. அவர் அதைப் பார்த்திருக்கலாம். எந்த அட்டவணை என்று கேளுங்கள்.

சேது சார், கழுத்தெலும்புக்கு மேலுள்ள கணு M1 என்பது பழைய விதி. 2002-இன் ஆறாம் பதிப்பிலிருந்து அதே பக்கம் என்றால் அது N3c. எதிர்ப்பக்க அக்குள் கணு M1. ‘சேய்மை’ எனக்கு இடிப்பதும் இங்கேதான். வலது மார்பிலிருந்து இடது அக்குள் ஒரு சாண் சொச்சம் தூரம். தூரத்தை அளந்து M என்று முடிவு செய்வதில்லை. அந்த உறுப்பின் நிணநீர் வழக்கமாக எந்தக் கணுக்களில் போய் வடிகிறதோ அவை N, மற்றவை M.

சேது:

N3c-யைக் குறித்துக்கொண்டேன், நன்றி டாக்டர். அப்படியானால் வடியும் பகுதியை ‘வட்டாரம்’ என்போம். N ‘வட்டாரக் கணு’, M ‘வட்டாரம் கடந்த பரவல்’.

முத்துக்குமரன்:

‘வட்டாரக் கணு’வை மனமார ஏற்கிறேன், ‘முதற்கட்டி’யையும். ‘வட்டாரம் கடந்த பரவல்’ கலைச்சொல் ஆகாது, அது விளக்கம். அட்டவணைக் கட்டத்தில் அடங்காது. ‘தொலைப்பரவல்’ என்று சுருக்குவோம். தொலைவு என்றால் கோல் வைத்து அளந்த தூரம் என்று யாரும் கொள்ளப்போவதில்லை.

பாத்திமா:

ரொம்ப நன்றி டாக்டர், அம்மாகிட்ட படிச்சுக் காட்டிட்டேன். எனக்கு ஒண்ணு தோணுது. எந்தச் சொல் வச்சாலும் N பக்கத்துல ‘பரவல்’னு வரக்கூடாது. நாங்க பயந்ததே அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

மரு. அருள்மொழி:

அதில் நான் உடன்படவில்லை, பாத்திமா. கணுவுக்குப் போனதும் பரவல்தான். அதை மறைத்து எழுதினால் கீமோ எதற்கு என்ற கேள்வி வரும். ‘வட்டாரக் கணுப் பரவல்’ என்று முழுதாக எழுதி, M-இலிருந்து பிரித்துக் காட்டுவதே மேல்.

கயல்விழி:

அனைவருக்கும் நன்றி. வரைவை இப்படி மாற்றியிருக்கிறேன்:

T – முதற்கட்டி
N – வட்டாரக் கணு
M – தொலைப்பரவல் (அடிக்குறிப்பில்: வட்டாரக் கணுக்களைக் கடந்து வேறு இடத்தில் காணப்படுவது)

M0-க்குப் ‘பரவல் இல்லை’ என்று எழுதியிருந்தேன். மருத்துவர் விளக்கியதைப் படித்தபின் அதைத் ‘தொலைப்பரவல் காணப்படவில்லை’ என்று திருத்திவிட்டேன். N0-க்கும் cN0 என்றால் ‘பரிசோதனையில் காணப்படவில்லை’, pN0 என்றால் ‘எடுத்த கணுக்களில் காணப்படவில்லை’ என்று வேறு வேறாகத்தான் எழுத வேண்டும். N-க்குப் பக்கத்தில் ‘பரவல்’ என்ற சொல்லைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை இப்போது திறந்தே வைக்கிறேன். வரைவை இரண்டு விதமாகவும் அச்செடுத்து, நோயாளிகள் சிலரிடம் படிக்கக் கொடுத்துப் பார்க்கிறேன்.