பொருள்: ‘மறுசீரமைப்பு’ பொருந்தவில்லை, கணக்கை வேறாகப் பார்ப்பதற்கு ஒரு சொல் வேண்டும்

வளர்மதி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

கணித ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு இயல், மனம் எதையும் தனித்தனித் துண்டுகளாக அல்ல, முழு அமைப்பாகவே காண்கிறது என்ற கெஸ்டால்ட் உளவியலாளர்கள் சிக்கல் தீர்த்தலைப் பற்றிச் சொன்னவை. தார்ன்டைக் சொன்னதற்கு ‘முயன்று தவறிக் கற்றல்’ என்றும், கெஸ்டால்ட்காரரான கோஹ்லர் சொன்னதற்கு ‘உட்காட்சி வழிக் கற்றல்’ என்றும் ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் நிலைத்துவிட்டன. அவற்றை நான் தொடப்போவதில்லை.

என் தடை வேறு. கணக்கு பிடிபடுவதற்குச் சற்று முன்னால் அதன் உறுப்புகள் மாணவரின் மனத்தில் வேறு விதமாகச் சேர்கின்றன. கோடு கோடாகத்தான் இருக்கிறது, எண் எண்ணாகத்தான் இருக்கிறது. எது எதோடு சேர்ந்தது என்பது மட்டும் மாறிவிடுகிறது. அந்தச் செயலுக்கு என்ன பெயர்? ‘மறுசீரமைப்பு’ என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த ஆசிரியர் ஒருவர், “இது பாடத்திட்டத்தை மாற்றுவதா?” என்று கேட்டார். கடன், துறை, நிர்வாகம் என்றே அந்தச் சொல் காதுக்குப் பழகிவிட்டது. மாணவர் முதலில் பார்த்த விதம் சீர்கெட்டது என்றும் அது சொல்லாமல் சொல்கிறது. அதுவும் எனக்கு உறுத்துகிறது.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அன்புடன்,
வளர்மதி

இனியன் எழுதியது:

வணக்கம். மறுசீரமைப்பு நல்ல சொல்தானே? நிரல் எழுதும் நாங்கள் இதைத்தான் சொல்கிறோம். போன மாதம்கூட ஒரு பெரிய செயற்கூற்றை நான்காகப் பிரித்து, பெயர்களை மாற்றி எழுதினேன். வெளியீடு அப்படியே இருந்தது, உள்ளே படிக்க எளிதாகிவிட்டது. மாணவருக்கும் கணக்கைச் சிறு துண்டுகளாக உடைக்கச் சொல்லிக்கொடுங்கள், அவ்வளவுதான்.

வளர்மதி எழுதியது:

இனியன், நீங்கள் சொல்வதில் விடை முன்பே கையில் இருக்கிறது. அதே விடையைத் தரும் வேறு அமைப்பைத் தேடுகிறீர்கள். நான் சொல்வதில் விடை இன்னும் வரவில்லை, கேள்வியையே வேறாகப் பார்த்தால்தான் வரும். துண்டு போடுவது சில நேரம் உதவும். தவறான இடத்தில் துண்டு போட்டுவிட்டு மாட்டிக்கொள்வதும் நடக்கும்.

கதிரவன் எழுதியது:

அன்புள்ள வளர்மதி அம்மா,

தமிழில் ‘பொறி தட்டியது’ என்று சொல்கிறோமே, அதையே எடுத்துக்கொண்டு ‘பொறிதட்டல்’ எனலாம். டெனெரீஃப் தீவில் கோஹ்லர் ஆராய்ந்த சுல்தான் என்ற சிம்பன்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு மூங்கில் குச்சிகள், கூண்டுக் கம்பிக்கு வெளியே எட்டாத தூரத்தில் வாழைப்பழம். ஒரு குச்சியை மற்றதற்குள் செருகிப் பழத்தை இழுத்தது. முயற்சியும் இல்லை, தவறும் இல்லை, ஒரே மின்னல். தார்ன்டைக்கின் பூனை பெட்டிக்குள் பிறாண்டிப் பிறாண்டித் தாழ்ப்பாளைத் தற்செயலாகத் தட்டியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தத் திடீர்த்தன்மைதான். பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

செல்வநாயகம் எழுதியது:

அன்புடையீர்,

கதிரவன் தம்பி, பொறிதட்டல் அழகான சொல். ஆனால் சுல்தான் கதையில் நீங்கள் சொன்னது கடைசி அரை நிமிடம் மட்டும்தான்.

கோஹ்லரின் நூல் 1917இல் வந்தது. அவர் பதிவு செய்ததன்படி சுல்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல் தோற்றுக்கொண்டிருந்தது. பயனில்லாமல் ஒரு பெட்டியை இழுத்து வந்தது. பிறகு ஒரு குச்சியைத் தரையில் வைத்து, மற்றதால் அதைத் தள்ளித் தள்ளிப் பழத்தின் மேல் முட்டவைத்தது. பழத்துக்கும் தனக்கும் நடுவே தொடர்பு வந்துவிட்டது, ஆனால் இழுக்க முடியாது. கோஹ்லர் இதை ‘நல்ல பிழை’ என்றார். எனக்கு அந்தப் பதிவில் மிகவும் பிடித்த இடம் இது. விடை தவறு, ஆனால் இரண்டு குச்சியும் ஒரே வரிசையில் சேர வேண்டும் என்ற பாதி அமைப்பு அதில் தெரிகிறது. தடித்த குச்சியின் துளையில் கோஹ்லர் விரலை விட்டுக் காட்டினார், அதுவும் பயன்படவில்லை. கடைசியில் சுல்தான் கம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குச்சிகளோடு விளையாடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கோட்டில் வந்த கணத்தில் மெல்லியதைத் தடித்ததற்குள் செருகி, எழுந்து ஓடிப்போய்ப் பழத்தை இழுத்தது. செருகும் வாய்ப்பைக் கொண்டுவந்தது விளையாட்டு. ஆனால் செருகியதும் நேரே பழத்தை நோக்கி ஓடியதே, அங்கேதான் அமைப்பு மாறியது தெரிகிறது.

முன் அனுபவமே வேண்டாம் என்பதும் சரியில்லை. 1945இல் பர்ச் என்பவர், குச்சியோடு பழகாத சிம்பன்சிகளுக்குக் குச்சியால் உணவை இழுக்கும் சிக்கலைக் கொடுத்தார். பெரும்பாலானவற்றால் முடியவில்லை. மூன்று நாள் குச்சிகளோடு விளையாடவிட்ட பிறகு எல்லாமே 20 நொடிக்குள் தீர்த்தன.

பூனைக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1898இல் தார்ன்டைக் பார்த்தது, வெளியேற ஆகும் நேரம் படிப்படியாகக் குறைகிறது, ஒரேயடியாக விழவில்லை என்பது. அதனால் பூனைக்கு விளங்கவில்லை என்றார். அந்தப் பெட்டியில் கயிறும் தாழ்ப்பாளும் எப்படி இணைகின்றன என்பதைப் பூனையால் முழுதாகப் பார்க்க முடியாது, அங்கே குருட்டு முயற்சியைத் தவிர வேறு எதைச் செய்யும் என்பது கெஸ்டால்ட்காரர்களின் மறுப்பு. வகுப்பறைக்கும் இது பொருந்தும். உறுப்புகள் எல்லாம் கண்ணெதிரே இல்லாவிட்டால் எந்த மாணவரும் பூனைதான்.

ஆகவே திடீர்த்தன்மை ஒரு அடையாளம், அவ்வளவே. அதையே பெயராக்கினால், பொறி தட்டும்வரை காத்திருப்பதுதான் தம் வேலை என்று ஆசிரியர் நினைத்துவிடுவார்.

தேன்மொழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொல்லாக்கம் எனக்குத் தெரியாது. இணைகரம் நடத்தியபோது நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அடிப்பக்கம் 8 செ.மீ., சாய்ந்த பக்கம் 5 செ.மீ., உயரம் 4 செ.மீ. மேல் மூலையிலிருந்து செங்குத்துக்கோடு இறக்கி, 8 × 4 = 32 என்று கரும்பலகையில் காட்டினேன். எல்லோரும் செய்தார்கள். மறுநாள் அடிப்பக்கம் 3, சாய்ந்த பக்கம் 10 உள்ள ஓர் இணைகரத்தை நிமிர்த்தி வரைந்து கொடுத்தேன். நன்றாகச் சாய்ந்த உருவம், மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் கோடு இறக்கினால் இரண்டும் அடிப்பக்கத்துக்கு வெளியே விழும். வகுப்பே நின்றுவிட்டது. “டீச்சர், இந்த மாதிரி நீங்க நடத்தலையே” என்றார்கள். சிலர் 3 × 10 என்று பெருக்கி 30 எழுதினார்கள்.

எனக்கு வருத்தமாகிவிட்டது. முதல் நாள் அவர்கள் கற்றது கோடு இறக்குவதை மட்டும்தான். அப்புறம் கரும்பலகையை அழித்துவிட்டு, உருவத்தைத் தாளில் வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தேன், கத்தரிக்கோலும் கொடுத்தேன். “இதைச் செவ்வகமாக்க விடாமல் எது தொந்தரவு செய்கிறது?” என்று மட்டும் கேட்டேன். ஒரு சிறுமி தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, 10 செ.மீ. பக்கம் கீழே வரும்படி திருப்பினாள். “இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு, அந்தப் பக்கம் அதே அளவு குறையுது” என்றாள். ஒரு முக்கோணத்தை வெட்டி மறுபக்கம் ஒட்டினாள். நீளம் 10, அகலத்தை அளந்தோம், 2.4. பரப்பு 24. முந்தைய நிலையில் உயரத்தை அளந்தால் 8, 3 × 8 அதே 24. அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஐயா, நான் செய்தது முயன்று தவறலா, உட்காட்சியா? கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கண்டபடி வெட்டிய பிள்ளைகளும் உண்டு.

செல்வநாயகம் எழுதியது:

தேன்மொழி அம்மா, கெஸ்டால்ட் உளவியலாளர் வெர்தைமர் கணக்கு வகுப்பில் கண்டதும் ஏறக்குறைய இதுதான். அவர் மறைந்த பிறகு 1945இல் வெளிவந்த நூலில், இணைகரத்தைத் திருப்பிக் கொடுத்ததும் வகுப்பு திகைத்ததை எழுதியிருக்கிறார்.

வெட்டுவதை வைத்து எதுவென்று சொல்ல முடியாது. அவர் காட்டிய சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு பக்கம் வெளியே துருத்திக்கொண்டும், மறுபக்கம் அதே வடிவில் உள்ளே குழிந்தும் இருக்கும் உருவம் ஒன்று கொடுங்கள். இணைகரம்போல் இருக்கவே வேண்டாம், வளைகோடாக இருக்கட்டும். கூடவே துருத்தலும் குழியும் வேறு வேறு வடிவில் உள்ள இன்னொன்றும் கொடுங்கள். அமைப்பைக் கண்ட பிள்ளை முதலாவதை உடனே தீர்க்கும், இரண்டாவதில் “இங்கே இது ஆகாது” என்று சொல்லும். செய்முறையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டிலும் திணறும், அல்லது இரண்டிலும் கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்யும். “ஆகாது” என்ற விடைக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

வளர்மதி எழுதியது:

தேன்மொழி, உங்கள் மடலைப் படித்தபோது ஒன்று தோன்றியது. ‘முயன்று தவறி’ எப்படி வினையிலிருந்து வந்ததோ, அப்படியே இதற்கும் வினையே நல்லது. அந்தச் சிறுமி நீட்டலையும் குறையையும் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டு ஒன்றுக்கொன்று ஈடாகக் கண்டாள். ‘மாற்றிக் காணல்’ என்று வைத்துக்கொண்டால்? “மாணவர் கணக்கை மாற்றிக் கண்டார்” என்று வாக்கியத்திலும் இயல்பாக உட்காருகிறது. உட்காட்சி என்பது அதனால் வரும் பயன்.

கதிரவன் எழுதியது:

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் ‘மாற்றி’ என்றால் மாணவரே வேண்டுமென்று மாற்றுகிறார் என்று ஆகிவிடாதா? நமக்கு அது பிடிபடுகிறது, நாம் போய்ப் பிடிப்பதில்லை. ‘மாறிக் காணல்’ அல்லது ‘காட்சி மாற்றம்’ இன்னும் பொருந்தும். மூன்று வரிசையில் சதுரமாக வைத்த ஒன்பது புள்ளிகளைக் கையெடுக்காமல் நான்கு நேர்கோட்டால் இணைக்கும் புதிரில், “கோடு சதுரத்துக்கு வெளியே போகலாம்” என்று சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. நானாக எதையும் மாற்றவில்லை.

செல்வநாயகம் எழுதியது:

உங்களுக்கு விளங்கியிருக்கலாம், தம்பி. வைஸ்பெர்க், ஆல்பா என்ற உளவியலாளர்கள் 1981இல் அந்தக் குறிப்பைக் கொடுத்தே சோதித்தார்கள். பெரும்பாலோர் அப்போதும் தீர்க்கவில்லை. தடையை நீக்கினால் போதும் என்ற கெஸ்டால்ட் கருத்துக்கு அது ஒரு அடி. வெளியே போகலாம் என்று தெரிந்தாலும், எங்கே போய்த் திரும்புவது என்பதைத் தேடத்தான் வேண்டும். அந்தத் தேடலில் முயன்று தவறலும் கலந்திருக்கிறது. ஆகவே ‘மாற்றி’ என்பதில் உள்ள முயற்சி எனக்கு உறுத்தவில்லை. கதிரவன் சொல்வதையும் தள்ள முடியவில்லை.

வளர்மதி எழுதியது:

இப்போதைக்குக் கையேட்டில் ‘மாற்றிக் காணல்’ என்றே போடுகிறேன், ‘காட்சி மாற்ற’த்தை அடிக்குறிப்பில் வைக்கிறேன். இன்னொரு சிக்கல் முளைத்திருக்கிறது. ஆசிரியர் செய்வதை ‘மாற்றிக் காட்டல்’ என்று எழுதினால், அவரே வெட்டி ஒட்டிக் காட்டிவிடுவார் என்று ஆகிறது. தேன்மொழி முதல் நாள் செய்தது அது. மறுநாள் கேள்வி கேட்டு, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தது வேறு. ‘மாற்றிக் காணச் செய்தல்’ நீளமாக இருக்கிறது, இயல் தலைப்பில் அடங்கவில்லை. யாரிடமாவது சுருக்கமான வடிவம் இருக்கிறதா?

தேன்மொழி எழுதியது:

தலைப்பு நீளமாக இருந்தால் இருக்கட்டும் அம்மா, ‘காட்டல்’ மட்டும் வேண்டாம். ஐயா சொன்ன இரண்டு உருவங்களையும் இன்றைக்குக் கொடுத்தேன். துருத்தலும் குழியும் பொருந்தாததை எடுத்துக்கொண்டு அதே சிறுமி வந்தாள். “இதுக்கு எதைக் கொண்டுபோய் ஒட்டினாலும் மிச்சம் வரும் டீச்சர்” என்றாள். பக்கத்தில் இருந்த பையன் அதை வெட்டி ஒட்டி முடித்திருந்தான். ஓரத்தில் இடைவெளி தெரிந்தது, அதன்மேல் பென்சிலால் கோடு போட்டு மூடியிருந்தான். அவனுக்கு நாளைக்கு என்ன கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.